நெருங்கிய நண்பரிடம் 'நேரம் குறைந்துவிட்டது' என்று சொல்வது
(மூத்த குடிமக்கள் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் வட்டி விகிதம் பற்றிப் பேசுவேன் என்று வந்திருப்பீர்கள். இன்று பேசப்போவது வேறு ஒரு கணக்கு.

முப்பது வருட நண்பர். சண்டை எதுவும் இல்லை. ஆனால் அவருக்குக் கொடுக்க நம்மிடம் இப்போது நேரம் இல்லை. பேச்சிலும் பழைய ஒட்டுதல் இல்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரே அலுவலகத்தில் இருந்த இருவர். ஓய்வுக்குப் பிறகும் தினமும் மாலை வாக்கிங், பிறகு காபி. ஒருவரின் மருமகள் மறுபடி வேலைக்குப் போகிறார். மாலையில் பேரனைப் பார்த்துக்கொள்வது தாத்தாவின் பொறுப்பு. மற்றவருக்கு மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன, மகன் வெளிநாட்டில். அவர் தினமும் ஃபோன் செய்கிறார். "இன்னைக்கு முடியலடா, நாளைக்குப் பார்ப்போம்" என்று பதில் போகிறது. நாளைக்கும் முடிவதில்லை. சில வாரங்களில் தாத்தா ஃபோனை எடுக்கவே தயங்குகிறார். அந்தப் பக்கம் இருப்பவரோ, "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். நாம் காரணம் சொல்லாவிட்டால் அவரே ஒன்றைக் கற்பித்துக்கொள்வார். பெரும்பாலும் அது உண்மையைவிட வலிக்கும்.

பேசுவதற்கு முன் கையில் உள்ள இருப்பைப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை கிடையாது. சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் நிச்சயம் உண்டு. புதன் இரவு, பேரன் தூங்கிய பிறகு, கால் மணி நேரம் ஃபோனில் பேசலாம். அவ்வளவுதான் என்றால் அவ்வளவை மட்டும் சொல்லுங்கள். சின்னத் தொகைக்குக் கொடுத்த செக் பாஸானால் போதும். பெரிய தொகைக்கு எழுதிக் கொடுத்து அது திரும்பி வந்தால்தான் நம்பிக்கை போகும்.

அடுத்து, நேரம் மட்டும்தான் காரணமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நம் தாத்தாவுக்குப் பழைய ஆபீஸ் கதைகளில் இப்போது மனம் ஓடவில்லை. அதை மறைத்து எல்லாப் பழியையும் பேரன் மேல் போட்டால், கோடை விடுமுறையில் பேரன் அம்மா வீட்டுப் பாட்டியிடம் போனதும், "இப்போ ஃப்ரீதானே?" என்ற கேள்வி வரும். அப்போது இன்னொரு சாக்கு தேட வேண்டும்.

சொல்லும்போது நேரில், தனியாகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் கேட்காது. நடைக்கூட்டத்தின் நடுவே சொன்னால் அவருக்கு அவமானம். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன், பெற்றோருக்காக 1970இல் வெளியிட்ட நூலில் 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்களை வலியுறுத்தினார். "நீ ஓயாம ஃபோன் பண்றே" என்றால் அது குற்றச்சாட்டு. "நான் ஃபோன் எடுக்க முடியாமத் தவிக்கிறேன்" என்றால் அது நம் நிலைமை. நட்புக்கும் இது பொருந்தும்.

நம் தாத்தா இப்படிச் சொல்லலாம்: "டேய், கொஞ்ச நாளா நான் முன்ன மாதிரி இல்லை. சாயங்காலம் என்னால வர முடியாது, இனிமேலும் முடியாது. ஆபீஸ் பேச்சுலயும் என் மனசு இப்போ ஒட்ட மாட்டேங்குது. உன் மேல ஒரு வருத்தமும் கிடையாது. நாம கொஞ்சம் விலகிட்டோம்னு தோணுது, அது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. சனிக்கிழமை காலையில கண்டிப்பா வருவேன்."

இதைச் சொன்னதும் நிறுத்திவிடுங்கள். அவர் கோபப்படலாம், பேசாமலும் இருக்கலாம். "எனக்கு யாருடா இருக்கா?" என்று கேட்டால் உடனே இரக்கத்தில் பழையபடி தினமும் வருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள், அடுத்த வாரமே அது உடையும். "நீ மட்டும் அன்னைக்கு..." என்று பழைய கணக்கையும் திறக்காதீர்கள். அவர் சொல்வதை முழுதாகக் கேட்டு, "உனக்குக் கஷ்டம்தான், புரியுது" என்று சொன்னால் போதும்.

நண்பர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதோ, வீட்டில் துக்கம் நடந்த சமயத்திலோ இந்தப் பேச்சு வேண்டாம். அந்த மாதங்களில் எப்படியாவது நேரம் கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

சொன்ன பிறகு முதல் நான்கு சனிக்கிழமைகளைத் தவற விடாதீர்கள். நீங்கள் சொன்னது விலக்கி வைக்கும் பேச்சா, உண்மையான கணக்கா என்பதை அவர் அந்த நான்கு வாரங்களில்தான் பார்ப்பார். இரண்டாவது வாரம் அவர் வராவிட்டாலும் நீங்கள் போய் உட்காருங்கள். அவர் கடைசி வரை வரவில்லையென்றால் அது அவர் எடுத்த முடிவு. அதையும் குறை சொல்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஏன் என்று தெரியாமல் அவர் காத்திருக்கும் நிலைமை இனி இருக்காது.