கைவேலை தெரிந்தவரெல்லாம் மதிப்பிடத் தெரிந்தவரா?

(தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தென்னாப்பிரிக்காவில் மின்பணிப் பயிற்சி பெறுவோரை மதிப்பிடும் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன். முதலில் மதிப்பீட்டாளராக இருந்தேன், பிறகு மதிப்பீட்டாளர்களின் வேலையைச் சரிபார்க்கும் மீளாய்வாளராக இருந்தேன். அங்கே இவர்களை ‘அசெசர்’, ‘மாடரேட்டர்’ என்று அழைக்கிறார்கள். இந்த இரண்டு பொறுப்புக்கும் அந்த நாட்டில் தனித்தனியே தகுதிச் சான்று உண்டு. அந்தத் தகுதியில் என்னதான் கற்றுத்தருகிறார்கள் என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். செய்முறைத் தேர்வுக்குப் போய் மதிப்பெண் இடும் நமக்கும் அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மதிப்பீட்டாளருக்கான திறன் அலகின் எண் 115753. அது தேசியத் தகுதிக் கட்டமைப்பில் 5ஆம் நிலையில் இருக்கிறது, மதிப்பு 15 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேரக் கற்றல். ஆகவே படிப்பும் செய்முறையும் சேர்த்து ஏறக்குறைய 150 மணி நேரம். மீளாய்வாளருக்கான அலகு 115759. அது ஒரு படி மேலே, 6ஆம் நிலையில், 10 கிரெடிட். மதிப்பீட்டாளராகத் தேறியவர்தான் மீளாய்வாளர் படிப்புக்கு வர முடிந்தது. மதிப்பிடத் தெரியாதவர் இன்னொருவரின் மதிப்பீட்டை எடைபோட முடியாது அல்லவா?

இந்தச் சான்று மட்டும் கையில் இருந்தால் போதுமா என்றால், போதாது. அது எந்தத் தொழிலுக்கும் பொதுவான சான்று. அதை வைத்துக்கொண்டு ஒருவர் இன்று மின்பணியையும் நாளை பேக்கரி வேலையையும் மதிப்பிட முடியாது. அந்தந்தத் தொழிலில் அவருக்குத் தகுதியும் அனுபவமும் இருக்க வேண்டும். அதைக் காட்டி, அந்தத் துறைக்குரிய அமைப்பில் எந்தெந்த அலகுகளுக்கு மதிப்பீட்டாளர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். அதாவது தொழிலும் தெரிய வேண்டும், மதிப்பிடவும் தெரிய வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

பழுதான ஒரு பிளக் பாயிண்ட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும் வேலை ஒரு பயிற்சியாளருக்குத் தரப்படுகிறது. 45 நிமிடம் நேரம். முடித்துவிட்டார். வயர்கள் ஒழுங்காக இருக்கின்றன, திருகுகள் இறுக்கமாக இருக்கின்றன, எர்த் இணைப்பு சரி. விளக்கைச் செருகினால் எரிகிறது. முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு மின்பணியாளரை அழைத்துக் காட்டினால், ‘பையன் தேறிவிட்டான்’ என்றுதான் சொல்வார். அவர் பார்த்தது முடிந்த வேலையை.

பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் வேலை தொடங்கியதிலிருந்தே பக்கத்தில் நிற்கிறார். கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல். முதல் வரி: எம்.சி.பி.யை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டி, எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டாரா? செய்தார். இரண்டாவது வரி: மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்தாரா? இங்கேதான் கவனிக்க வேண்டும். இதற்கு மூன்று படிகள் உண்டு. மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த வேறொரு புள்ளியில் முதலில் டெஸ்டரை வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, வேலை செய்யப்போகும் பாயிண்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, மறுபடியும் மின்சாரம் உள்ள புள்ளியில் வைத்து, டெஸ்டர் இடையில் பழுதாகிவிடவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். நம் பயிற்சியாளர் நடுப்படியை மட்டும் செய்தார். டெஸ்டர் ஒளிரவில்லை, உடனே திருகைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

டெஸ்டர் கெட்டுப்போயிருந்தாலும் அது ஒளிராதுதானே? அன்று அது நல்ல டெஸ்டர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விடுபட்ட அந்த இரண்டு படிகளின் தடயம் முடிந்த பிளக் பாயிண்ட்டில் எங்குமே இருக்காது. செய்யும்போது பார்த்தவருக்கு மட்டுமே அது தெரியும். முடிந்த பொருள் ஒரு வகைச் சான்று, செய்த முறை இன்னொரு வகைச் சான்று. எந்த அளவுகோலுக்கு எந்தச் சான்று வேண்டும் என்பதை மதிப்பீட்டுக்கு முன்பே திட்டமிடக் கற்றுத்தருவதுதான் 115753இன் முக்கியமான பகுதி.

சரி, முடிவு என்ன? நம் பள்ளி முறையில் பத்து படிகளில் ஒன்பது சரி என்றால் 90 மதிப்பெண் போடுவோம். அங்கே இந்த அலகில் மதிப்பெண் இல்லை. ‘திறன் பெற்றார்’ அல்லது ‘இன்னும் திறன் பெறவில்லை’ என்ற இரண்டு முடிவுகள்தான். சுத்தமாக வயர் இழுத்ததற்கான மதிப்பெண்ணை எடுத்து, பாதுகாப்புப் படியை விட்ட பள்ளத்தை நிரப்ப முடியாது. எனவே ‘இன்னும் திறன் பெறவில்லை’. ‘இன்னும்’ என்ற சொல் முக்கியம். எந்த வரியில் எது விடுபட்டது, ஏன் அது ஆபத்து, மறு மதிப்பீடு எப்போது என்பதை மதிப்பீட்டாளர் அவரிடம் நேரில் சொல்லி, எழுதியும் தர வேண்டும். ‘இன்னும் கவனம் தேவை’ என்று பொதுவாக எழுதினால் அது பின்னூட்டமாகாது. முடிவை ஏற்க முடியாவிட்டால் மேல்முறையீடு செய்யும் வழியையும் பயிற்சியாளருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

நேரில் பார்க்க முடியாத சான்றுகளும் வரும். பணியிடத்தில் செய்த வேலைகளின் பதிவேடு, புகைப்படம், மேற்பார்வையாளர் கடிதம் போன்றவை. இவற்றை நான்கு கேள்விகளால் சோதிக்கிறார்கள். இந்தச் சான்று கேட்ட திறனைத்தான் காட்டுகிறதா? இது இவருடைய சொந்த வேலையா? இன்றைய திறனைக் காட்டுகிறதா, பழைய காலத்ததா? முடிவெடுக்க இது போதுமா? மூன்று மாதப் பதிவேட்டின் எல்லா நாட்களிலும் ஒரே பேனா, ஒரே சாய்வில் ஒரே கையெழுத்து என்றால் இரண்டாவது கேள்வி எழுகிறது. உடனே ‘பொய்’ என்று தள்ளிவிடக் கூடாது. பயிற்சியாளரை அழைத்து, பதிவேட்டில் உள்ள ஒரு வேலையைக் காட்டி, ‘இதை எப்படிச் செய்தாய், மெக்கர் என்ன அளவு காட்டியது, அளவு குறைவாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்று கேட்க வேண்டும். செய்தவர் விவரமாகச் சொல்வார். செய்யாதவர் புத்தக வாக்கியத்தைச் சொல்வார்.

இனி மீளாய்வாளர். பலரும் இவரை இரண்டாவது மதிப்பீட்டாளர் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. இவர் பயிற்சியாளரை மறுபடி தேர்வு செய்வதில்லை. மதிப்பீடு நியாயமாக நடந்ததா, ஒரே அளவுகோலை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைத்தார்களா, எடுத்த முடிவைக் கோப்பில் உள்ள சான்று தாங்குகிறதா என்று பார்க்கிறார். அவருடைய வேலை மதிப்பீட்டுக்கு முன்பே தொடங்குகிறது. பட்டியலில் ‘மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்தார்’ என்று ஒரே வரியாக இருந்தால், ஒரு மதிப்பீட்டாளர் ஒரு படி போதும் என்பார், இன்னொருவர் மூன்றும் வேண்டும் என்பார். அந்த வரியை மூன்றாகப் பிரிக்கச் சொல்வது மீளாய்வாளரின் பொறுப்பு.

மதிப்பீட்டுக்குப் பிறகு அவர் எல்லாக் கோப்புகளையும் பார்ப்பதில்லை, மாதிரிக்குச் சிலவற்றை எடுக்கிறார். குறைந்தது 10 சதவீதம் என்பது பரவலான வழக்கம். ஆனால் 20 பேர் உள்ள பிரிவில் 10 சதவீதம் என்றால் இரண்டே கோப்புகள். மேலே இருக்கும் இரண்டை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நன்றாகத் தேறிய ஒருவர், தேறாத ஒருவர், எல்லைக்கோட்டில் நிற்கும் ஒருவர் என்று எடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் இருவர் என்றால் இருவருடைய கோப்புகளும் வேண்டும்.

அப்படி ஒரு பிரிவின் கோப்புகளைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேரும் தேறியிருக்கிறார்கள். ஒவ்வொரு பட்டியலிலும் எல்லா வரிகளிலும் டிக். குறிப்புப் பகுதியில் எல்லாருக்கும் ‘நன்று’. தேதி எல்லாவற்றிலும் ஒன்று, மதிப்பீட்டாளரும் ஒருவரே. மீளாய்வாளர் ஒரு சின்னக் கணக்குப் போடுகிறார். ஒருவருக்கு 45 நிமிடம். இருபது பேருக்கு 900 நிமிடம், அதாவது 15 மணி நேரம். ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் ஒரே நாளில் இது முடியாது. ஒன்று, பலரை ஒரே நேரத்தில் செய்யவிட்டு முடிந்த வேலையை மட்டும் பார்த்திருக்கிறார். அல்லது பார்க்காமலே டிக் போட்டிருக்கிறார். எதுவானாலும் டெஸ்டர் படிக்குச் சான்று இல்லை.

இப்போதும் மீளாய்வாளர் தாமாக முடிவுகளைத் திருத்தி எழுதக் கூடாது. பயிற்சியாளர்களின் கைத்திறன் பற்றி அவருக்கு நேரடிச் சான்று கிடையாது. ‘இந்த அலகின் முடிவுகளை உறுதிசெய்ய இயலாது, காரணம் இது, இந்தப் படிகளை மறுபடி மதிப்பிட வேண்டும்’ என்று அறிக்கை எழுதி மதிப்பீட்டாளருக்குத் திருப்பி அனுப்புகிறார். மாதிரியையும் பெரிதாக்கி, அதே மதிப்பீட்டாளரின் மற்றப் பிரிவுகளையும் பார்க்கிறார். மறு மதிப்பீடு முடியும்வரை அந்த இருபது பேருக்கும் சான்றிதழ் வராது. அவர்களில் உண்மையாகவே திறன் பெற்றவர்களும் காத்திருக்க வேண்டியிருக்கும். அவசர டிக்கின் விலையைச் செலுத்துவது மாணவர்தான்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. கோப்பு அழகாக இருப்பதே நோக்கமாகிவிட்டால், மதிப்பீட்டாளர் பயிற்சியாளரைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். நான் சொன்ன அலகுகளும் பழைய வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசைக்குப் புதிய சேர்க்கை 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. புதிய தொழிற்தகுதிகளில் இறுதி மதிப்பீட்டைப் பயிற்சி நிறுவனத்துக்கு வெளியே, ஒருங்கிணைந்த தேர்வாக நடத்துகிறார்கள். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய படி எது, பிறகு பார்த்துக்கொள்ளக்கூடியது எது என்று பிரித்தறியும் வேலை அங்கும் மாறவில்லை.

அடுத்த செய்முறைத் தேர்வுக்கு முன் உங்கள் பாடத்தின் ஒரே ஒரு செய்முறையை எடுத்து, முடிந்த பொருளைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத படிகள் எவை என்று எழுதிப் பாருங்கள். அந்தப் படிகளை மாணவர் செய்யும்போது நீங்கள் எங்கே நிற்க வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்பது அந்தப் பட்டியலிலிருந்தே தெரிந்துவிடும்.