கறுவல், சிவலை, வெள்ளை: இளையோரின் கேள்விகளும் பதில்களும்

(வலிகாமம் வடக்கில் மீளக்குடியமர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆற்றிய உரை)

 

போன கிழமை உங்களிடம் துண்டுக் கடதாசியில் பெயர் போடாமல் கேள்வி எழுதித் தரச் சொல்லியிருந்தோம். நலன்புரி நிலையத்தில் வளர்ந்தவர்கள், வன்னியிலிருந்து வந்தவர்கள், இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் எல்லோரும் இப்போது ஒரே வகுப்பில் இருக்கிறீர்கள். ஒருவரின் பெயர் தெரியும் முன்னரே நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவது நடக்கிறது என்று அந்தத் துண்டுகளிலிருந்து விளங்கியது. எழுதியபடியே வாசிக்கிறேன்.

"வெள்ளைக்காரர் வெள்ளையாக இல்லையே, பிறகேன் அப்படிச் சொல்லுறம்?"

நல்ல கேள்வி. கொப்பியில் எழுதாத பக்கம் ஒன்றைத் திறந்து அதன்மேல் உங்கள் கையை வையுங்கள். பிறகு அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்துக் கைக்குப் பக்கத்தில் வையுங்கள். உலகத்தில் எவருடைய கையும் அந்தக் கடதாசியின் நிறத்திலும் இராது, அந்தக் கரியின் நிறத்திலும் இராது. எல்லோரும் கபில நிறத்தின் வெவ்வேறு படிகள்தான். தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். அதை உண்டாக்கும் கலங்களின் எண்ணிக்கை எல்லா மனிதரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனினை, எந்த வகையை உண்டாக்குகின்றன என்பதிலேயே வித்தியாசம். மெலனின் குறைந்த தோலில் உள்ளே ஓடும் இரத்தம் வெளியே தெரியும். நீங்கள் பார்த்த இளஞ்சிவப்பு அதுதான்.

ஆகவே கறுப்பு, வெள்ளை என்பவை "இன்னாரை விடக் கூட, இன்னாரை விடக் குறைய" என்று சொல்லும் சொற்கள். எங்கள் ஊரில் சிவலை என்று பெயரெடுத்த பிள்ளை லண்டனுக்குப் போய் இறங்கினால் அங்கே அவள் சிவலை இல்லை. (சிவலை என்று மாட்டையும் சொல்கிறோம். மாடு அதைப் பெரிதாக எடுப்பதில்லை.)

"ஒரே வீட்டில் நான் கறுப்பு, தங்கச்சி வெள்ளை. ஏன்?"

வெயில் கடுமையான நாடுகளில் மெலனின் ஒரு குடை. சூரியனின் புற ஊதாக் கதிர், உடலுக்குத் தேவையான ஃபோலேட் என்ற விற்றமினைச் சிதைக்கும். கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்கு அது மிகவும் முக்கியம். வெயில் குறைந்த வடநாடுகளில் பிரச்சினை மறுபக்கம். தோலில் விற்றமின் டி உண்டாகப் போதிய கதிர் கிடைக்காது, அங்கே குடை சிறியதாக இருந்தால் நல்லது. பல ஆயிரம் ஆண்டுகளில் இப்படித்தான் படிகள் வந்தன. மக்கள் ஓரிடத்தில் நிற்கவும் இல்லை, போய் வந்து கலந்தார்கள். நிறத்தைத் தீர்மானிப்பது ஒரு மரபணு அல்ல, பல. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் எது வந்து சேரும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பெற்றோர் இருவரையும் விடக் கறுப்பாகவோ வெளுப்பாகவோ ஒரு பிள்ளை பிறக்கலாம்.

"ஆட்களுக்கு நிறத்தால் பெயர் வைத்தது ஆர்?"

நிறத்தைக் கவனிப்பது பழைய பழக்கம். மனிதரை நிறப்பெட்டிகளில் போட்டுச் சட்டம் எழுதியது அவ்வளவு பழையதல்ல. அமெரிக்காவின் வேர்ஜீனியாவில், அடிமைமுறை வேரூன்றிய காலத்தில், 1691ஆம் ஆண்டுச் சட்டமொன்று "வெள்ளையர்" கறுப்பரையோ செவ்விந்தியரையோ திருமணம் செய்யக்கூடாது என்றது. 1735இல் சுவீடனைச் சேர்ந்த லின்னேயசு என்ற அறிஞர் மனிதரை நான்கு வகையாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் எழுதினார். ஆசியாக்காரருக்கு அவர் கொடுத்தது கபிலம். 1758இல் அதே நூலின் பத்தாம் பதிப்பில் அதை வெளிறிய மஞ்சளாக மாற்றிவிட்டார். இடையில் ஆசியாவில் எவரின் தோலும் மாறவில்லை.

"அப்ப நாங்கள் என்ன நிறம்?"

இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை போனது. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி, பிறநாட்டிலிருந்து வந்து குடியுரிமை கேட்பவர் "வெள்ளையராகவோ" ஆபிரிக்க வழிவந்தவராகவோ இருக்க வேண்டும். ஒசாவா என்ற யப்பானியர், என் தோல் வெளுப்புத்தானே என்றார். 1922 நவம்பரில் உயர் நீதிமன்றம் மறுத்தது: தோல் ஆளுக்கு ஆள் வேறுபடும், அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது, வெள்ளையர் என்றால் "கொக்கேசிய" இனத்தவர் என்றது. மூன்று மாதம் கழித்து பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் வந்தார். அமெரிக்கப் படையில் இருந்தவர். அறிஞர்களின் நூல்களின்படி இந்தியர் கொக்கேசியர்தான், ஆகவே எனக்குத் தாருங்கள் என்றார். நூல் என்ன சொன்னாலும் சரி, சாதாரண மக்கள் உங்களை வெள்ளையராக எண்ணுவதில்லை என்று அதே நீதிமன்றம் அவரையும் மறுத்தது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி.

கதை அங்கே முடியவில்லை. 1970ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் இந்தியரை "வெள்ளையர்" என்று கணக்கிட்டார்கள். 1980இல் ஆசியர் என்று மாற்றினார்கள். எங்கள் நாட்டுக் குடிசன மதிப்பீட்டிலோ நிறம் கேட்பதே இல்லை, இனம்தான் கேட்பார்கள். அது வேறு பிரச்சினை, இன்றைக்கு வேண்டாம்.

ஒரு நிறப்பெயரை மக்கள் தாங்களே எடுத்துக்கொண்டதும் உண்டு. 1860இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களில் தமிழரும் இருந்தார்கள். பிற்காலத்தில் நிறவெறி அரசு அவர்களின் பேரப்பிள்ளைகளை ஆபிரிக்கரிடமிருந்து பிரித்துத் தனிப் பெட்டியில் போட்டது. 1970களில் ஸ்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்ற இந்திய வம்சாவளி இளைஞர்கள், ஸ்டீவ் பிக்கோவோடு சேர்ந்து "ஒடுக்கப்படும் நாங்கள் எல்லோரும் கறுப்பரே" என்று நின்றார்கள். இருவரும் றொபன் தீவுச் சிறைக்கும் போனார்கள். அவர்கள் தோலின் நிறத்தைச் சொல்லவில்லை, யாருடைய பக்கத்தில் நிற்கிறோம் என்பதைச் சொன்னார்கள். ஆகவே ஒருவர் நிறப்பெயர் சொன்னால், சொல்வது யார், எதற்காக என்று முதலில் பாருங்கள். வகுப்பில் "கறுவல்" என்பதும் அப்படித்தான். அம்மம்மா செல்லமாகச் சொல்வதும், வரிசையில் பின்னுக்குத் தள்ளும்போது ஒருவன் சொல்வதும் ஒன்றல்ல.

"முகாமில் வெயிலில் நின்று கறுத்துப் போனன். கிறீம் பூசினால் வெளுக்குமோ?"

இதே கேள்வி ஐந்து துண்டுகளில் இருந்தது. உங்கள் மேற்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள், வெயில் படாத இடம். ஏறக்குறைய அதுதான் உங்கள் பிறவி நிறம். முகமும் முன்கையும் அதைவிடக் கறுத்திருந்தால் அது வெயில் தந்தது. மேல்தோல் புதிதாகிக்கொண்டே இருப்பதால், தொப்பியோ குடையோ பிடித்து நடந்தால் சில கிழமைகளில் இருந்து சில மாதங்களுக்குள் அது தானாகக் குறையும். அந்த உட்கை நிறத்துக்கு அப்பாலும் சில நாட்களில் வெளுக்க வைக்கும் என்று விற்கும் கிறீமைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது மெலனின் உண்டாவதைத் தடுக்கும், கூடவே சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசியவரின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் போகும். வேறு சிலவற்றில் ஸ்ரெறொயிட் மருந்து இருக்கும். முதலில் முகம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்து பரு போடும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும்.

பெட்டியில் தயாரித்தவரின் பெயரும் உள்ளடக்கமும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். "மேர்க்குரி", "கலோமெல்" என்ற சொற்கள் இருந்தாலும், தங்கம் வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை இருந்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசுகிறவர்கள் டப்பாவை எறிய வேண்டாம். மூடி, ஒரு பையில் கட்டி, அரச வைத்தியசாலைக்குப் போகும்போது வைத்தியரிடம் காட்டுங்கள். என்ன பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் அவர் சரியான பரிசோதனையை எழுதுவார்.