கைமாற்றாகக் கொடுத்ததைக் கேட்பது

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால், நண்பருக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பது பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். வட்டிக்குக் கொடுப்பவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவர்களுக்குக் கேட்கத் தெரியும். நான் பேசுவது கைமாற்றைப் பற்றி. வட்டி கிடையாது, சாட்சி கிடையாது, "அடுத்த மாசம் தந்துடறேன்" என்ற ஒரு வார்த்தையோடு கை மாறுகிற பணம்.

வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. கடன் வாங்கியவருக்கு அவ்வப்போது ஒரு கடிதம் போகும். "இந்தத் தேதியில் உங்கள் கணக்கில் இவ்வளவு பாக்கி நிற்கிறது, சரியென்றால் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று இருக்கும். இருப்பு உறுதிக் கடிதம் என்போம். அதில் பணத்தை உடனே கட்டு என்று ஒரு வரியும் இருக்காது. அதைப் பார்த்து யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தவணை தவறியவர்கள்கூட, "சார், இதுல போன மாசம் கட்டினதைக் கழிக்கலையே" என்று ரசீதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அங்கேயே பேச்சு தொடங்கிவிடும். பணத்தைக் கேட்பது ஒன்று, கணக்கைச் சொல்வது வேறொன்று. நண்பர்களுக்கிடையில் இந்த இரண்டாவது இல்லவே இல்லை என்பதுதான் சிக்கல். ஒன்று வாய் மூடி இருப்போம், இல்லாவிட்டால் பொறுமை போனபிறகு கேட்போம்.

எனக்குத் தெரிந்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இருவருமே சம்மதித்தார்கள், ஆனாலும் பெயர் வேண்டாம்.

நாயுடுபுரத்தில் இருக்கிற ஒருவர், பூம்பாறையில் பூண்டு போடுகிற தன் பள்ளிக்கூட நண்பருக்கு 2021 நவம்பர் 8 அன்று 60,000 ரூபாய் கொடுத்தார், விதைப்பூண்டு வாங்க. "எடுத்ததும் தர்றேன் மாப்ள" என்பதுதான் ஒப்பந்தம். நம் மலைப்பூண்டு வருடத்துக்கு இரண்டு போகம். மே வாக்கில் ஒன்று, நவம்பர் வாக்கில் ஒன்று. ஊன்றியதிலிருந்து எடுக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். முதல் போகம் மழையில் அடிபட்டது. அடுத்ததில் விலை இல்லை. அதன்பிறகு இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. ஏரியைச் சுற்றி நடக்கிற ஐந்து கிலோமீட்டரில் முன்பு சேர்ந்து நடந்தவர்கள், பிறகு ஒருவர் காலையில், மற்றவர் மாலையில். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவரைப் பார்த்து மற்றவர் கடை மாறிவிடுவார். இந்த ஊரில் ஒருவரைப் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

கொடுத்தவர் 2024 ஜூலையில் என்னிடம் வந்தார். கோபமாகத்தான் இருந்தார். "அவன் போன மாசம் புது வண்டி எடுத்திருக்கான் சார்" என்றார். கடன் கொடுத்தவர் கண்ணுக்கு வாங்கியவரின் ஒவ்வொரு செலவும் தன் பணத்தில் செய்ததாகத்தான் தெரியும். அது பழைய வண்டியை மாற்றி வாங்கியதா, தவணையில் எடுத்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை.

நான் அவரிடம் முதலில் கேட்டது தேதியைத்தான். காரணம், காலவரையறைச் சட்டம். 1963ஆம் ஆண்டுச் சட்டம் அது. கொடுத்த கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. பலர் நினைப்பது போல அந்த மூன்று ஆண்டு, நாம் கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்து ஓடுவதில்லை. "எப்போ முடியுதோ அப்போ கொடு", "கேட்கும்போது கொடு" என்று கொடுத்திருந்தால், கொடுத்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். திருப்பித் தருவதற்கு ஒரு தேதி பேசி எழுதியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து. ஆக, நட்பு கெடக் கூடாதென்று நாம் வாய் மூடி இருக்கும் காலமெல்லாம் கெடுவுக்குள் கழிந்துகொண்டிருக்கிறது. இவருக்கு 2024 நவம்பரோடு முடிகிறது. நான்கு மாதம் பாக்கி.

"அப்போ இன்னைக்கே போய்க் கேட்கிறேன்" என்று எழுந்தார். உட்காரச் சொன்னேன். ஜூலையில் பூண்டுக்காரரிடம் பணம் ஏது? பயிர் மண்ணுக்குள் இருக்கிறது. இல்லாத நேரத்தில் கேட்டால் அவரால் சொல்ல முடிந்த பதில் ஒன்றுதான், "இல்லை". ஒருமுறை இல்லை என்று சொன்னவருக்கு அடுத்தமுறை நம் முகத்தைப் பார்ப்பது இன்னும் கஷ்டம். நம் மலையில் ஒவ்வொருவர் கையிலும் காசு புரள்கிற காலம் வேறு வேறு. வாடகைக்கார் ஓட்டுபவருக்கும் அறை வாடகைக்கு விடுபவருக்கும் ஏப்ரல், மே சீசன். காய்கறி, பழம் போடுபவருக்கு அறுவடை. சம்பளக்காரருக்கு மாதத்தின் முதல் வாரம். பூண்டுக்காரருக்கு, தோண்டிக் காயவைத்து, ரகம் பிரித்து, பெரியகுளம் பக்கத்தில் வடுகபட்டி சந்தைக்குக் கொண்டுபோய் விற்ற பிறகுதான். கெடுவுக்குள்ளும் இருக்க வேண்டும், கையில் காசும் இருக்க வேண்டும். செப்டம்பர் கடைசி வாரம் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது என்ன சொல்வது என்பது. "மகள் காலேஜ் ஃபீஸ் கட்டணும்னு சொல்லிடவா?" என்று கேட்டார். இல்லாத தேவையைக் காரணமாகச் சொல்லாதீர்கள் என்றேன். நம்மைப் போல அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். வாசல் காவலாளி மேசையில் யார் வீட்டுக்கு என்ன பெட்டி வந்திருக்கிறது என்று ஊருக்கே தெரியும். கஷ்டம் என்று சொல்லிக் கேட்ட வாரத்தில் ஐம்பத்தைந்து அங்குல டிவி வந்து இறங்கினால், கொடுக்க வேண்டியவர் "இவனுக்கா கஷ்டம்" என்று நிம்மதியாகத் தள்ளிப்போடுவார். தவிர, காரணம் சொல்ல ஆரம்பித்தால் நம் காரணம் பெரிதா அவர் காரணம் பெரிதா என்ற போட்டியாகிவிடும். அவரிடம் நிச்சயம் பெரிய காரணம் ஒன்று இருக்கும். மனைவி வழியாகச் சொல்லி அனுப்புவதும், நாலு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஜாடை பேசுவதும் வேண்டாம். மூன்றாமவர் காதுக்குப் போனதும் பணப் பிரச்சினை மானப் பிரச்சினையாகிவிடுகிறது.

நானும் அவரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். வங்கிக் கடிதம்தான், நண்பன் பேச்சில்:

"மாப்ள, 2021 நவம்பர் 8 அன்று விதைப்பூண்டுக்காக நீ வாங்கிய கைமாற்று ரூ. 60,000. நடுவில் நீ ஏதாவது கொடுத்து நான் குறித்துக்கொள்ளாமல் விட்டிருந்தால் சொல், கழித்துக்கொள்வோம். இந்தப் போகத்தில் உன்னால் ஆனதைக் கொடு. மீதிக்கு நீயே தேதி சொல். தொகை சரியென்றால் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. நம் இருவருக்கும் வயதாகிறது, எழுத்தில் இருக்கட்டும்."

இதைத் தபாலில் அனுப்பவில்லை. அவரே பூம்பாறைக்குப் பஸ் ஏறிப் போய், தோட்டத்தில் வேறு ஆள் இல்லாத நேரத்தில் கையில் கொடுத்தார்.

படித்துப் பார்த்த நண்பர் கேட்ட முதல் கேள்வி, "அந்த அஞ்சாயிரம் எங்கடா?" 2022இல் கொடுத்தவருடைய தாயார் மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பார்க்க வந்த இவர் ஐந்தாயிரத்தைக் கையில் திணித்து "கணக்குல வச்சுக்கோ" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் களேபரத்தில் வாங்கியவருக்கு அது பார்க்க வந்தவர் கொடுத்த உதவியாகவே பதிந்துவிட்டது. இரண்டு வருடமாக ஒருவர் "அறுபதாயிரத்தைக் கேட்காமல் பொறுத்திருக்கிறேன்" என்றும், மற்றவர் "கொடுத்ததைக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெறுமனே "அறுபதாயிரத்தைக் கொடு" என்று கேட்டிருந்தால் அந்த ஐந்தாயிரத்தை வைத்தே நட்பு முடிந்திருக்கும். "விட்டிருந்தால் சொல்" என்ற வரிக்கு அவ்வளவு வேலை.

பாக்கி 55,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே 15,000 ரூபாய்க்குக் காசோலை. மீதி 40,000த்தை நான்கு போகத்தில், போகத்துக்குப் பத்தாயிரமாக.

அந்தக் கையெழுத்தின் சட்ட பலம் என்ன? கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். பகுதிப் பணம் கொடுத்து, கொடுத்ததை அவர் தன் கையால் எழுதினாலோ கையெழுத்திட்டாலோ அதற்கும் இதே பலன் உண்டு. புரோநோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கும் நம் ஊர் வழக்கம் இதற்காகத்தான். வரவைக் கொடுத்தவர் மட்டும் எழுதிக்கொண்டால் பயனில்லை, கட்டியவரின் கையெழுத்து வேண்டும். "இவ்வளவு தரணும், தர்றேன்" என்று வாட்ஸ்அப்பில் வந்த பதிலை அழிக்காமல் வைத்திருங்கள், சான்றாகக் காட்டலாம். ஆனால் தாளில் உள்ள கையெழுத்துக்கு அது ஈடா என்று வாதாட வேண்டி வரலாம். கெடு தாண்டிப் போயிருந்தால் வெறும் ஒப்புதல் போதாது. "தருகிறேன்" என்ற வாக்குறுதியை எழுத்தில் கையெழுத்தோடு வாங்கினால் அது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லும்.

நண்பனிடம் கையெழுத்துக் கேட்பதா என்று முகம் சுளிக்கிறவர்கள் மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். நம் பக்கம் எந்தக் கல்யாணத்திலும் வாசலில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே வைப்பார்கள். முன்பு நான் செய்ததை இப்போது நீ செய் என்று யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. அழைப்பிதழ் போகும், அவர் தன் நோட்டைப் புரட்டிப் பார்ப்பார், வருவார். இரண்டு பக்கமும் எழுதி வைத்திருப்பதால் அங்கே ஒருவரை ஒருவர் கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

அதனால் இனிமேல் கொடுக்கப் போகிறவர்கள் கொடுக்கிற அன்றைக்கே, "பூண்டு எடுத்ததும் நான் ஒரு போன் போடுவேன், தப்பா நினைக்காதே" என்று சொல்லிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள், தேதி பாஸ்புத்தகத்தில் நிற்கும். இரண்டாயிரம் மூவாயிரத்துக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அதற்கு நேரில் ஒரு வார்த்தை போதும். நண்பர் நிஜமாகவே நொடித்துப் போயிருந்தால், விட்டுவிடுவது என்று முடிவு செய்தால், அதையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மனதுக்குள் மட்டும் விட்டுக்கொடுத்தால், அது தெரியாமல் அவர் நம்மைக் கண்டு ஒளிந்துகொண்டேதான் இருப்பார்.

பூம்பாறைக்காரர் இதுவரை இரண்டு தவணை கொடுத்திருக்கிறார். நடுவில் விலை விழுந்த ஒரு போகத்தில் அவரே போன் செய்து, "இந்தத் தடவை முடியாது, அடுத்ததுல" என்றார். அதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்திட்டார். இருபதாயிரம் பாக்கி. எல்லாம் முடிகிற அன்று "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டு, அந்தத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடும்படி கொடுத்தவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.