பணம் வந்தது, யாரிடமிருந்து, எதற்காக?

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் பரதநாட்டிய உடை, கெம்பு நகை, சலங்கை விற்கும் கடைகள் உண்டு. தி. நகரில் பட்டுப்புடவைக் கடைகளுக்குக் குறைவில்லை. வெளிநாட்டில் அரங்கேற்றமோ கல்யாணமோ நடந்தால் இங்கிருந்து பெட்டி போகும், அங்கிருந்து டாலர் வரும். வந்த டாலருக்கு வங்கி ஒரு சான்று கொடுக்கிறது. ஃபிர்க் என்பார்கள், வங்கியைப் பொறுத்து அட்வைஸ் என்றும் சொல்வார்கள். அதைக் கையில் வாங்கியதும் எல்லோரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். தொகையில் வரும் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் எளிய காரணம் இருக்கும், அதைச் சரிசெய்யவும் வழி உண்டு. சிக்கல் கிளம்புவது மற்ற இரண்டு இடங்களில்: பணம் எதற்காக வந்தது என்று சொல்லும் பர்ப்பஸ் கோடு, அனுப்பியவரின் பெயர். பார்வை முதலில் போக வேண்டியது அங்கேதான்.

ஒரு கணக்கைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர்க் கடை ஒன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள ஒரு நடனப் பள்ளிக்கு உடைகளும் நகைகளும் அனுப்புகிறது. இன்வாய்ஸ் பள்ளியின் பெயரில், 4,200 டாலருக்கு. அதில் சரக்குக்கு 3,900, விமானக் கூலிக்கும் காப்பீட்டுக்கும் 300. மார்ச் 10 அன்று மீனம்பாக்கம் ஏர் கார்கோவில் ஷிப்பிங் பில் பதிவாகிப் பெட்டி கிளம்புகிறது. மார்ச் 24 அன்று கடையின் கணக்கில் பணம் வருகிறது. சான்றில் இருப்பது 4,165 டாலர். பர்ப்பஸ் கோடு P1301. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் பள்ளியின் பெயர் இல்லை, ஒரு தனிமனிதரின் பெயர் இருக்கிறது. அவர் பள்ளியை நடத்தும் ஆசிரியையின் கணவர்.

தொகையை முதலில் முடித்துவிடலாம். ஒப்பிட வேண்டியது டாலரை டாலரோடு. ரூபாயில் ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது, ஏனென்றால் ஷிப்பிங் பில்லில் இருப்பது சுங்கத்துறை அறிவித்த மாற்று விகிதம், கணக்கில் வரவானது அன்றைய வங்கி விகிதம். ஷிப்பிங் பில்லில் எஃப்ஓபி மதிப்பு 3,900 என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கூடுதலாக வந்திருக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு. கூலியும் காப்பீடும் சேர்ந்த 4,200தான் இங்கே அளவுகோல். மிச்சமுள்ள 35 டாலர் எங்கே போனது என்பதை வங்கியிடம் ஸ்விஃப்ட் செய்தியின் நகலைக் கேட்டு வாங்கினால் தெரிந்துகொள்ளலாம். அனுப்பச் சொன்ன தொகை 4,200 என்றும், கட்டணம் SHA, அதாவது இரு தரப்பும் பகிர்வது என்றும் அதில் இருந்தால், வழியில் இருந்த வங்கி தன் கூலியை எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நகலைக் காட்டினால் 35 டாலரை வங்கிக் கட்டணம் என்று காட்டி பில்லை முழு மதிப்புக்கும் முடிக்க முடியும். அனுப்பச் சொன்ன தொகையே 4,165 என்றிருந்தால் கதை வேறு. அது வாங்கியவர் பிடித்துக்கொண்ட பணம், அவரிடம்தான் விளக்கம் கேட்க வேண்டும்.

இப்போது P1301. வெளிநாட்டில் வாழும் இந்தியர் குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்கும் அனுப்பும் பணத்துக்கான குறியீடு அது. அனுப்பியவர் தனிமனிதர், செய்தியில் இன்வாய்ஸ் எண் இல்லை, வங்கி வேறு எதை நினைக்கும்? சரக்கு போன பிறகு வரும் ஏற்றுமதிப் பணத்துக்கு P0102, சரக்கு போவதற்கு முன்பே வரும் முன்பணத்துக்கு P0103. நம் கணக்கில் பெட்டி 10ஆம் தேதியே போய்விட்டது, ஆகவே P0102. இந்த ஒரு குறியீட்டில்தான் விஷயம் இருக்கிறது. 2014 முதல் ரிசர்வ் வங்கியின் ஈடிபிஎம்எஸ் என்ற கணினி முறையில் ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் ஒரு கடன்போலத் திறந்து நிற்கிறது. ஏற்றுமதிக் குறியீட்டோடு வந்த பணத்தை மட்டுமே அதன்மேல் வரவு வைக்க முடியும். குடும்பச் செலவுப் பணம் அந்தப் பக்கமே வராது. பணம் கையில் இருந்தாலும் பில் திறந்தே கிடக்கும், டிஜிஎஃப்டி தளத்தில் எடுக்க வேண்டிய வங்கி வரவுச் சான்றும் கிடைக்காது. வாங்கிய டிராபேக்கையும் ஜிஎஸ்டி ரீஃபண்டையும் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வருவது இந்த வழியில்தான்.

“குறியீடு போடுவது வங்கியின் வேலை, அதற்கு நான் என்ன செய்வது?” என்று கேட்கலாம். போடுவது வங்கிதான். ஆனால் வங்கியின் கண்ணில் படுவது செய்தி மட்டும். இன்வாய்ஸும் ஏர்வே பில்லும் கடைக்காரரிடம் இருக்கின்றன. பணம் வந்ததும் வங்கி அனுப்பும் படிவத்தில் நோக்கத்தை எழுதிக் கொடுக்க வேண்டியவரும் அவரே. வங்கிகள் இந்த வரவுகளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கின்றன. அதற்கு முன் திருத்தம் கேட்டால் ஒரு கடிதத்தோடு முடியும், பிறகு கேட்டால் தெரிவித்துவிட்ட கணக்கையும் சேர்த்துத் திருத்த வேண்டும். அதனால் சான்றைச் சரிபார்க்க ஏற்ற நாள், பணம் வந்த அன்றே.

பெயரைப் பற்றியும் ஒரு மறுப்பு எழும். கணவர் அனுப்பினால் என்ன, மனைவி அனுப்பினால் என்ன, குடும்பம் ஒன்றுதானே என்பார்கள். பள்ளி தனி நிறுவனமாகப் பதிவானது என்றால் சட்டத்தின் கண்ணில் அது வேறு ஆள், அதை நடத்துபவரின் கணவர் மூன்றாம் நபர். சரக்கு ஒருவருக்கும் பணம் இன்னொருவரிடமிருந்தும் என்பது கறுப்புப் பணம் நுழையும் பழைய பாதை, எனவே வங்கி கேள்வி கேட்பது நியாயமே. மூன்றாம் நபர் பணத்துக்குக் கதவு அடைக்கப்படவும் இல்லை. 2013 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. பணம் வங்கி வழியே வர வேண்டும், ஏற்றுமதி அறிவிப்பில் அதைச் சொல்ல வேண்டும், மூவரும் சேர்ந்த ஒப்பந்தம் வேண்டும் என்றது. 2014 பிப்ரவரியில், அந்த மூன்றாமவரின் பெயர் ஆர்டரிலோ இன்வாய்ஸிலோ இருந்தால் ஒப்பந்தத்தை வற்புறுத்த வேண்டாம் என்று தளர்த்தியது. இன்வாய்ஸ் போடுமுன், “எந்தக் கணக்கிலிருந்து அனுப்புவீர்கள்?” என்று வாங்குபவரிடம் கேட்டு அந்தப் பெயரை எழுதியிருந்தால் நம் கடைக்காரருக்கு இந்த இடத்தில் வேலையே இல்லை.

பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்விஃப்ட் செய்தியில் பெயர் வரிக்கு 35 எழுத்து என்று அடங்கிப் பழகியது. நீளமான பெயரின் வால் வெட்டுப்பட்டிருந்தால் அது பிழையாகாது. பள்ளி தனி நிறுவனமாக இல்லாமல் ஆசிரியை தன் சொந்தப் பொறுப்பில் ஒரு வணிகப் பெயரில் நடத்துவதாக இருந்தால், அவர் பெயரில் வந்த பணம் பள்ளியின் பணம்தான். அந்த வணிகப் பெயர்ப் பதிவின் நகல் போதும். பார்க்க வேண்டியது, பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆள் ஒருவரா இருவரா என்பதை.

சின்னத் தொகைக்கு இவ்வளவு பாடா என்பது கடைசிக் கேள்வி. 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, 10 லட்சம் ரூபாய்க்கு மிகாத பதிவுகளை, பணம் வந்துவிட்டது என்ற ஏற்றுமதியாளரின் சொந்த உறுதிமொழியின் பேரில் வங்கிகள் முடிக்கலாம் என்றது. சிறு வணிகருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் P1301 என்று எழுதிய சான்றை வைத்துக்கொண்டு ஏற்றுமதிப் பணம் வந்துவிட்டது என்று கையெழுத்திட்டால், உறுதிமொழி ஒன்று சொல்லும், வங்கிப் பதிவு வேறொன்று சொல்லும். முன்பு வங்கி சுமந்த பொறுப்பு இப்போது கையெழுத்திட்டவர் தலையில்.

நம் கடைக்காரர் செய்ய வேண்டியது இதுதான். மார்ச் 24 அன்றோ மறுநாளோ வங்கிக் கிளைக்கு ஒரே கடிதம்: இந்த வரவு எண்ணுக்குரிய 4,165 டாலர் இன்ன இன்வாய்ஸுக்கான ஏற்றுமதிப் பணம், குறியீட்டை P0102 என்று மாற்றித் தரவும், 35 டாலர் இடைவங்கிக் கட்டணம், பணம் செலுத்தியவர் வாங்குபவரின் சார்பில் செலுத்தினார். அதோடு இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், ஏர்வே பில், ஸ்விஃப்ட் நகல், பள்ளியின் தலைப்புத்தாளில் ஆசிரியை கையெழுத்திட்ட விளக்கம். ஏற்றுமதி அறிவிப்பில் மூன்றாம் நபரைக் குறிப்பிடாததால் வங்கி மேலும் கேட்கலாம், கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதான். திருத்திய சான்று வந்ததும் அதையும் இதே மூன்று இடங்களில் பார்த்துவிட்டு, டிஜிஎஃப்டி தளத்தில் தன் ஐஇசி எண்ணின் கீழ் அந்த வரவு தோன்றுகிறதா என்று ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.