மண்வள அட்டை போட்டோ வந்தால் எந்த வரியிலிருந்து படிப்பது?

போன வாரம் வாட்ஸப்பில் பெரியப்பா ஒரு போட்டோ அனுப்பினார். மண்வள அட்டை. கூட ஒரு வார்த்தை இல்லை. நம்ம வீட்டுப் பெரியவங்க அனுப்புற போட்டோவெல்லாம் இப்படித்தானே வரும்! கேள்வி என்னன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்.

அட்டையில் மொத்தம் 12 அளவுகள். தழைச்சத்து ஹெக்டேருக்கு 168 கிலோ, பக்கத்தில் ‘குறைவு’. மணிச்சத்து 26, ‘அதிகம்’. இரும்பு 3.1, ‘குறைவு’. பி.எச். 8.2, ஈ.சி. 0.3. இதை வச்சு மட்டும் பதில் சொல்ல முடியாது. போன் பண்ணேன்.

“வயல்ல இப்ப என்ன போட்டிருக்கீங்க பெரியப்பா?”

“கடலைதான் கண்ணு. முப்பது நாள் ஆச்சு. இலை வெளுத்துக் கிடக்குது. தழைச்சத்து கம்மின்னுதானே போட்டிருக்குது, யூரியா வாங்கிட்டு வந்து தூவிரலாமா?”

அதுதான் கேள்வி. நாமக்கல் பக்கத்துச் செம்மண், பாசனக் கடலை, மஞ்சள் இலை, கையில் யூரியாவுக்கான பணம்.

முதலில் அந்த 168-ஐத் தெளிவுபடுத்தணும். அது நாம் போட வேண்டிய அளவு இல்லை, மண்ணில் பயிருக்குக் கிடைக்கக்கூடியதா இருக்கிற அளவு. 280-க்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ன்னு வரும். நம்ம ஊர் வெயிலில் மக்கு சீக்கிரம் கரைஞ்சுடும், அதனால் பெரும்பாலான அட்டைகளில் இந்த வரி ‘குறைவு’ன்னுதான் இருக்கும். கடலையோ வேர் முடிச்சு வழியா தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கிற பயிர். அதனால் இந்த வரியிலிருந்து ஆரம்பிக்கிறதில் பெரிசா பிரயோஜனம் இல்லை.

நான் முதலில் பார்க்கிறது பி.எச்., அடுத்து ஈ.சி. மற்ற வரிகளுக்கு அர்த்தம் தருவதே இந்த ரெண்டும்தான். ஈ.சி. உப்பைக் காட்டும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் பயம் இல்லை, இங்கே 0.3, தாண்டிப் போகலாம். பி.எச். 8.2ன்னா மண் காரப் பக்கம் இருக்கு. “வயல்ல சுக்கான் கல் இருக்குதுங்களா?”ன்னு கேட்டேன். உழும்போது வெள்ளை வெள்ளையா வரும்னார். அப்போ சுண்ணாம்பு மண். இந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் துருவா இறுகிப் போய், வேருக்குக் கிடைக்காது. ‘இரும்பு 3.1’ன்னு அட்டை சொல்றதும் அதைத்தான். 4.5-க்குக் கீழே போனாலே பற்றாக்குறைன்னு பொதுவா எடுத்துக்குவாங்க.

ஆனா அட்டையை மட்டும் நம்பி மருந்து சொல்லக் கூடாது. செடியைக் கேட்கணும். தழைச்சத்து பத்தலைன்னா அடி இலை முதலில் மஞ்சளாகும். இரும்பு பத்தலைன்னா நுனி இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சைக் கோடா தெரியும். இன்னொரு போட்டோ கேட்டேன், கிட்டத்தில் எடுத்தது. நுனி இலைதான், நரம்பு பச்சை. யூரியா தூவியிருந்தால் பணமும் போயிருக்கும், மஞ்சளும் போயிருக்காது.

இதுக்கு வைத்தியம் இலை வழியாத்தான். இந்த மண்ணில் அன்னபேதியைத் தரையில் போட்டால் அதுவும் துருவாகிடும். 10 லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம், கரைச்சு உடனே சாயங்காலத்தில் தெளிக்கணும். கரைசல் பழுப்பா மாறினால் அது வீண். முதலில் நாலு வரிசைக்கு மட்டும் அடிக்கச் சொன்னேன். ஒரு வாரத்தில் அந்த வரிசைகளில் வர்ற புது இலை பச்சையா வந்தால் கணிப்பு சரி, மீதி வயலுக்கும் அடிக்கலாம், பத்து நாள் விட்டு இன்னொரு தடவையும். தண்ணி தேங்கி நின்னா இந்த மஞ்சள் கூடும், அதனால் பாய்ச்சலையும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னேன்.

அடுத்து விளக்க வேண்டியது ‘அதிகம்’னு வந்த வரி. இதை யாரும் கேட்கிறதே இல்லை, ஆனா காசு மிச்சமாகிறது இங்கேதான். மணிச்சத்து 22-ஐத் தாண்டினாலே அதிகம். வருஷா வருஷம் போட்ட டி.ஏ.பி. சேர்ந்து நிக்குது. ஒரு மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து இருக்கு. அடுத்த போகத்துக்குப் பரிந்துரை அளவில் கால் பங்கு குறைச்சுக்கலாம். மணிச்சத்து ஏறிக்கிட்டே போனால் செடி துத்தநாகம் எடுக்கிறதும் சிரமமாகும்.

“பக்கத்துக் காட்டுக்காரரு பி.எச். ஜாஸ்தின்னா ஜிப்சம் போடச் சொல்றாரே?”ன்னார். ஜிப்சம் சரிபண்றது சோடியம் ஏறின களர் மண்ணை. சுண்ணாம்பால் வந்த 8.2 அதனால் இறங்காது. 40, 45 நாளில் கடலைக்கு மண் அணைக்கும்போது போடுற ஜிப்சம் வேற, அது காய் திரள்றதுக்கு. அதை நிறுத்த வேண்டாம்.

கடைசியா அட்டையோட தலைப்பைப் பெரிசாக்கிப் பார்த்தேன். சர்வே எண் அவருடையதுதான். ஆனா இந்தத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான் எடுப்பாங்க. அதாவது ஆறு ஏக்கருக்கு ஒண்ணு. பெரியப்பாவுக்கு இருக்கிறது ரெண்டு ஏக்கர், மண் எடுத்ததை அவர் பார்க்கவும் இல்லை. பக்கத்துக் காட்டு மண்ணாக்கூட இருக்கலாம். அதனால் மணிச்சத்துக் கணக்கை உறுதி பண்ண, அறுவடை முடிஞ்சதும், எரு கொட்டுறதுக்கு முன்னாடி, வரப்பும் மரத்தடியும் தவிர்த்து பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில ‘வி’ மாதிரி 15 செ.மீ. ஆழம் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ எடுத்துட்டுப் போகணும். பைக்குள் போடுற சீட்டில் சர்வே எண்ணோட, அடுத்து என்ன பயிர் வைக்கப் போறோம்னும் எழுதச் சொல்லியிருக்கேன்.