ஓட்டுநர் உரிமத்துக்குப் போகுமுன் கவரை அடுக்குங்கள்
(கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நம் மஹல்லாத் தம்பி ஒருவருக்கு வளைகுடாவில் டிரைவர் வேலை அமைந்தது. உரிமமும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தன. வேலைக்கு எடுத்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஒரே ஆள்தானா?" என்று கேட்டார்கள். உரிமத்தில் 'முஹம்மது' என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் நடுவில் ஒரு 'எம்', பாஸ்போர்ட்டில் இரண்டு 'எம்'. அத்தாவின் பெயர் ஒன்றில் இனிஷியலாகவும், மற்றதில் முழுப் பெயராகவும் இருந்தது.

தவறு எங்கே நடந்தது? எல்.எல்.ஆர். எடுக்கும்போது அவர் ஆதார் வழியாக விண்ணப்பித்தார். அப்படிச் செய்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஆதாரில் உள்ளபடியே வந்துவிடும். பாஸ்போர்ட்டுக்கோ பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டைக் கொடுத்திருந்தார். பிறகு முதலில் ஆதாரைத் திருத்தி, அடுத்து உரிமத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து முடிப்பதற்குள் இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் மாலை உட்கார்ந்து ஆதார், மார்க்‌ஷீட், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றைப் பாயில் பரப்பி வையுங்கள். பெயரை வாய்விட்டு எழுத்து எழுத்தாகப் படியுங்கள். நம் பெயர்களில் முஹம்மது, அப்துல், ஷேக், செய்யது என்று வரும் இடங்களில்தான் எழுத்து மாறும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பிறந்த தேதி.

வித்தியாசம் இருந்தால் எதைத் திருத்துவது? பாஸ்போர்ட் இருந்தால் அதையே அடிப்படையாக வையுங்கள். இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட். அதைத் திருத்துவது சிரமம், ஆதாரைத் திருத்துவது எளிது. அசல் சான்றோடு ஆதார் மையத்துக்குப் போனால் போதும். ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்றலாம். எனவே ஒப்புகைச் சீட்டில் எழுத்தைச் சரிபார்த்த பிறகே இடத்தை விட்டு எழுந்திருங்கள். செல் நம்பர் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள், ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும்.

இனி கவர். மேலிருந்து கீழாக இப்படி அடுக்குங்கள். முதலில் விண்ணப்பப் பிரிண்ட், அதாவது படிவம் 2. அதன் பின்னால் கட்டண ரசீது. மூன்றாவது, உடல்நிலை பற்றி நீங்களே உறுதி கூறும் படிவம் 1. நாற்பது வயது தாண்டியவரும், வாடகை வண்டி, லாரி போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்டப்போகிறவரும் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ சேர்க்க வேண்டும். நான்காவது வயதுச் சான்று. ஐந்தாவது முகவரிச் சான்று. இவற்றின் ஜெராக்ஸில் நீங்களே கையெழுத்திடுங்கள். கடைசியில் ஒரு சிறிய கவரில் போட்டோக்கள். அசல்களை ஜெராக்ஸோடு கலக்காமல் தனிக் கவரில், இதே வரிசையில் வையுங்கள். அதிகாரி ஜெராக்ஸைப் புரட்டும்போது நீங்கள் அசலை அதே வரிசையில் நீட்டலாம். படிவத்தில் இரத்த வகை கேட்பார்கள். ஊகமாக எழுதாமல் பரிசோதித்து எழுதுங்கள்.

எல்.எல்.ஆர். வந்ததும் அந்தத் தேதியைக் கவரின் மேல் எழுதுங்கள். அதற்கு ஆறு மாதம்தான் ஆயுள். முப்பது நாள் கழிந்த பிறகே ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். ஜனவரி 5ஆம் தேதி எல்.எல்.ஆர். வாங்கியவர் பிப்ரவரி முதல் வாரத்துக்குப் பின் தேர்வுக்குப் போகலாம். ஜூலை தொடக்கத்தில் அது காலாவதியாகிவிடும். பெயர் தவறை ஜூன் மாதம் கண்டுபிடித்தால், திருத்தம் முடிவதற்குள் எல்.எல்.ஆர். போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தேர்வு நாளில் அடுக்கு சற்று மாறும். மேலே எல்.எல்.ஆர்., அடுத்து தேர்வு நேரம் ஒதுக்கிய சீட்டும் கட்டண ரசீதும். அதன் பின் ஓட்டிக் காட்டும் வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. நம்மவர்கள் மறப்பது இந்த மூன்றைத்தான். மச்சானின் பைக்கை இரவல் வாங்கிப் போவார்கள். இன்சூரன்ஸ் முடிந்திருப்பது அங்கே போய்த்தான் தெரியும். வண்டியை வாங்கும்போதே தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமம் கைக்கு வந்ததும் முதலில் பெயரைப் படியுங்கள். மார்க்‌ஷீட்டைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக. தவறு இருந்தால் அன்றே திருத்த விண்ணப்பியுங்கள். விசா வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.