எட்டா, பதினான்கா, பதினெட்டா?



தலைமையாசிரியர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றால் பள்ளிகளில் இரண்டு விதமான ஏற்பாடு நடக்கும். முந்தின நாளே அதே பாடத்தை நடத்தி, கேள்வியையும் பதிலையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவது ஒரு விதம். மறுநாள் கேள்வி முடிவதற்குள் எல்லாக் கைகளும் உயரும். தப்பான பதில் ஒன்றுகூட வராது. அனுபவமுள்ள தலைமையாசிரியருக்கு அதிலேயே விஷயம் தெரிந்துவிடும். புதுப் பாடத்தில் யாருமே தடுமாறவில்லை என்றால் அது புதுப் பாடம் இல்லை.

பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று முன்னமே யோசித்து, அப்போது என்ன செய்வது என்பதையும் பாடக்குறிப்பில் எழுதிவைப்பது இன்னொரு விதம். அப்படி ஒரு பாடக்குறிப்பு எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

திருமுருகன்பூண்டியில் ஒரு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, கணக்குப் பாடம் என்று வைத்துக்கொள்வோம். சுந்தரர் பாடிய கோயிலும் கல் சிற்பக் கூடங்களும் உள்ள ஊர் அது. சுற்றிலும் பனியன் கம்பெனிகள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் டைலராகவோ செக்கிங்கிலோ இருப்பார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாடம், முதல் பருவப் புத்தகத்தில் வரும் நேர் விகிதமும் எதிர் விகிதமும். நேரம் 40 நிமிடம்.

பாடக்குறிப்பின் முதல் வரி நோக்கம். “மாணவர் எதிர் விகிதத்தை அறிந்துகொள்வர்” என்று எழுதுவது வழக்கம். அறிந்துகொண்டார்களா என்பதைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது? நம்முடைய ஆசிரியை இப்படி எழுதுகிறார்: “ஆட்கள் குறைந்தால் நாள் கூடும் என்பதைச் சொல்வர், எத்தனை நாள் என்று கணக்கிடுவர், ஏன் என்று காரணம் காட்டுவர்.” மூன்றும் கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் கூடியவை.

அடுத்து நேரப் பங்கீடு. பழைய பாடத்தை நினைவூட்ட 5 நிமிடம், நேர் விகிதம் 8, எதிர் விகிதம் 12, நடுக் கேள்வி ஒன்றுக்கு 3, குழுப் பயிற்சி 9, கடைசியாக ஒரு துண்டுச் சீட்டுக் கணக்குக்கு 3.

நேர் விகிதத்துக்கு ஊர்க் கணக்கே போதும். 5 பனியன் தைத்தால் 40 ரூபாய் கூலி. 12 பனியனுக்கு எவ்வளவு? சரியான விடை 96. சிலர் 47 என்பார்கள். பனியன் 7 கூடியது, அதனால் ரூபாயிலும் 7 கூட்டிவிட்டார்கள். பெருக்கிப் பார்க்க வேண்டிய இடத்தில் கூட்டிப் பார்ப்பது, விகிதக் கணக்கில் உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்யும் தவறு. அதற்குக் குறிப்பின் வலது ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது: “47 வந்தால், ஒரு பனியனுக்கு என்ன கூலி என்று கேட்க.” ஒன்றுக்கு 8 ரூபாய் என்று சொன்ன பிள்ளை 47-ஐத் தானே அடித்துவிடும்.

பாடத்தின் உயிர் அந்த 3 நிமிடக் கேள்வியில்தான் இருக்கிறது. 6 டைலர்கள் ஒரு ஆர்டரை 12 நாளில் முடிப்பார்கள். 2 பேர் லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். மீதி 4 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? எல்லாரும் ஒரே நேரத்தில் விடையை எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். பிரிட்டனின் கல்வியாளர் டிலன் வில்லியம் போன்றவர்கள் வலியுறுத்தும் முறை இது. பாடம் மேலே போகலாமா, நிற்க வேண்டுமா என்று அந்த ஒரு கேள்வி சொல்லிவிட வேண்டும்.

எண்களை ஆசிரியை யோசித்தே எடுத்திருக்கிறார். சரியான விடை 18. நேர் விகிதம் என்று நினைத்தவருக்கு 8 வரும். ஆள் 2 குறைந்தது, நாள் 2 கூடும் என்று நினைத்தவருக்கு 14 வரும். எல்லாமே முழு எண்கள். பின்னம் வந்ததைப் பார்த்து யாரும் உஷாராகிவிட முடியாது. தூக்கிய சீட்டைப் பார்த்ததும் யாருக்கு என்ன புரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

மாற்று ஏற்பாடுகள் இங்கேதான் வருகின்றன. 8 என்று எழுதியவரிடம், “ஆள் குறைஞ்சா வேலை சீக்கிரம் முடியுமா? அப்படின்னா முதலாளி எல்லாரையும் லீவுல அனுப்பிடுவாரே?” என்று கேட்பது. 14 என்று எழுதியவருக்குக் கேள்வி போதாது, அட்டவணை வேண்டும்: 6 பேர் 12 நாள், 3 பேர் 24 நாள், 2 பேர் 36 நாள். ஒவ்வொரு வரியையும் பெருக்கினால் 72 வருகிறது. 4-ஐ 14-ஆல் பெருக்கினால் 56தான். வேலை மிச்சம் நிற்கிறது. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு மேல் தவறினால் குழுப் பயிற்சியை விட்டுவிட்டு அட்டவணையை எல்லாருக்கும் போடுவது என்ற முடிவும் குறிப்பிலேயே இருக்கிறது. தலைமையாசிரியர் முன்னால் நின்றுகொண்டு அந்த முடிவை எடுப்பது சிரமம். முந்தின இரவு எடுப்பது சுலபம்.

“டீச்சர், 60 பேரை விட்டா ஒண்ணே கால் நாளுக்குள்ள முடிஞ்சிடுமா? மெஷினே ஆறுதானே இருக்கு?” என்று பவர் டேபிள் வீட்டுப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும். இதற்கும் ஒரு வரி உண்டு: ஆளுக்கு ஒரு மெஷின், எல்லாருக்கும் ஒரே வேகம் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அந்தப் பிள்ளையைப் பாராட்டி அந்த நிபந்தனையைக் கரும்பலகையில் எழுதினால் பாடம் இன்னும் உறுதியாகும்.

மற்றவற்றைச் சுருக்கமாக எழுதினால் போதும். கரண்ட் போனால் திரையில் காட்ட வேண்டிய அட்டவணை சார்ட்டில் தயாராக இருக்கும். தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைக்குக் கேள்வியைப் படமும் எண்ணுமாக எழுதிய சீட்டு. தலைமையாசிரியர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் பாடம் அவருக்காகத் திரும்ப ஆரம்பிக்காது. முன்பக்கத்தில் உள்ள நேரப் பங்கீட்டைப் பார்த்து அவரே சேர்ந்துகொள்வார். நேரம் இழுத்தால் குழுப் பயிற்சியில் வெட்டலாம், துண்டுச் சீட்டில் வெட்டக் கூடாது. யார் கற்றார்கள் என்பதற்குக் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.

ஜப்பானியப் பள்ளிகளில் இப்படிப் பாடத்தைத் திட்டமிடுவது நெடுநாளைய பழக்கம். ஆசிரியர்கள் கூடிப் பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்க்கும் முறை அங்கே உண்டு. அந்தப் பாடக்குறிப்பில் பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்லக்கூடும் என்பதற்கே தனிப் பத்தி இருக்கும், தவறான பதில்களும் சேர்த்து. பார்க்க வருபவர்களின் கண் பெரும்பாலும் பிள்ளைகளின் நோட்டில் இருக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999இல் எழுதிய புத்தகத்தால் வெளிநாடுகளில் இது பரவலாகத் தெரியவந்தது.

வகுப்பு பார்க்கப் போகும் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடக்குறிப்பில் கையெழுத்துப் போடும்முன் ஆசிரியரிடம், எந்தத் தவறான பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். வகுப்பு முடிந்ததும், அது எத்தனை பேருக்கு வந்தது என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கையைச் சிவப்பு மையில் குறிப்பின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு அதே பாடத்தை எடுக்கப் போகிறவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.